குரல் அறையில் பேசுமுன்: கேட்பவர் யார்? பதிவு எங்கே?

இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக்கும் கொழும்புக்கும் அனுப்பும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவர் சேர்ந்துள்ள டெலிகிராம் குழுவில் ஒரு நாள் இரவு, "நேரலைக் குரல் அறை ஆரம்பமாகிவிட்டது, வந்து சேருங்கள்" என்று அறிவித்தல் வருகின்றது. அதைத் தொட்டால் நாற்பது, ஐம்பது பேரின் பெயர்கள் தெரிகின்றன. நான்கைந்து பேர் மாத்திரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் என்ன செய்யலாம், இவர் பேசுவதை யாரெல்லாம் கேட்பார்கள், பேசி முடிந்த பின் அந்தப் பேச்சு எங்கே போகும்? வியாபாரி ஒருவர் அறையில் வாய் திறக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விடயங்கள் இவை.

இந்த முறையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் கிளப்ஹவுஸ். போல் டேவிசன், ரோஹன் சேத் ஆகிய இருவரும் 2020ஆம் ஆண்டில் இதனை ஆரம்பித்தார்கள். முதலில் ஐபோன் வைத்திருப்போர் மட்டுமே, அதுவும் வேறொருவர் அழைத்தால் மட்டுமே சேரலாம் என்றிருந்தது. 2021 மே மாதத்தில் அண்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கும் வந்தது. அழைப்பு நிபந்தனை அதே ஆண்டு ஜூலையில் நீங்கியது. அதற்குள் டுவிட்டர் தனது ஸ்பேசஸையும், டெலிகிராம் தனது குரல் உரையாடலையும் கொண்டுவந்துவிட்டன. டுவிட்டரின் பெயர் 2023 முதல் எக்ஸ். பெயர்கள் வேறு என்றாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒரு பொதுக்கூட்ட மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சிலர், கீழே கதிரைகளில் பலர். அறையைத் திறந்தவர்தான் தலைவர். யார் மேடைக்கு வரலாம், யாருடைய ஒலிவாங்கியை மூடலாம், யாரைக் கீழே இறக்கலாம் என்பதெல்லாம் அவர் கையில். தமக்கு உதவியாக இன்னும் ஓரிருவருக்கும் அவர் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம். எக்ஸ் ஸ்பேசஸில் தலைவருக்கும் இரு துணைத் தலைவர்களுக்கும் புறம்பாகப் பத்துப் பேர் வரை பேச்சாளராகலாம் என்று வைத்திருக்கிறார்கள். கேட்போரின் எண்ணிக்கை இதற்குள் அடங்காது.

கீழே இருப்பவருக்கு ஒலிவாங்கி கிடையாது. அவர் கடையில் சாக்குத் தைத்துக்கொண்டே கேட்டாலும் தராசுச் சத்தம் அறைக்குப் போகாது. பேச வேண்டுமானால் கை உயர்த்தும் அடையாளத்தைத் தொட வேண்டும். உடனே தலைவரின் திரையில் அவர் பெயர் வரும். அவர் அனுமதித்தால்தான் இவர் மேடைக்கு ஏறுவார். டெலிகிராமில், புதிதாக வருவோரை ஊமையாக வைக்கும்படி நிர்வாகி ஏற்பாடு செய்திருந்தால் இதே நடைமுறைதான். அப்படி ஏற்பாடு செய்யாவிட்டால் வந்தவர் எவரும் தாமாகவே ஒலிவாங்கியைத் திறந்து பேசலாம். கையை உயர்த்திவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய், அந்த நேரத்தில் மேடைக்கு அழைக்கப்பட்டு, கடைக்குள் பேசும் விலையெல்லாம் அறைக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஒலிவாங்கி அடையாளத்தின் மேல் கோடு விழுந்திருக்கின்றதா என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது. கோடிருந்தால் அது மூடியிருக்கின்றது.

இனிப் பதிவு விடயத்துக்கு வருவோம். இங்கே மூன்று விதமான பதிவுகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது, தலைவர் செய்யும் பதிவு. டெலிகிராமில் நிர்வாகி பதிவை ஆரம்பித்தால் அறையின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும். அறை முடிந்ததும் அந்தக் கோப்பு நிர்வாகியின் கணக்கில், "Saved Messages" என்ற இடத்தில் போய்ச் சேரும். அதை அவர் யாருக்கும் அனுப்பலாம். எக்ஸில் இதற்கு "REC" என்ற அடையாளம் தெரியும்; முடிந்த பின் வராதவர்களும் அதைக் கேட்கலாம். கிளப்ஹவுஸில் 2021 நவம்பர் வரை இந்த வசதியே இருக்கவில்லை.

இரண்டாவது, கம்பனி வைத்துக்கொள்ளும் பதிவு. கிளப்ஹவுஸ் தனது ஆரம்ப கால விதிகளில், அறை நடக்கும்வரை பேச்சைத் தற்காலிகமாக வைத்திருப்பதாகவும், அந்த நேரத்துக்குள் யாரும் முறைப்பாடு செய்யாவிட்டால் அறை முடிந்ததும் அழித்துவிடுவதாகவும் கூறியது. டுவிட்டர் தனது ஸ்பேசஸை ஆரம்பித்தபோது, விதிமீறலைப் பரிசீலிப்பதற்காக 30 நாட்கள் பிரதியை வைத்திருப்பதாக அறிவித்தது. அதாவது, தலைவர் பதிவு செய்யவில்லை என்பதால் பிரதியே இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, கேட்போர் செய்யும் பதிவு. ஆபத்தானது இதுதான். பக்கத்தில் இன்னொரு தொலைபேசியை வைத்துப் பதிவு செய்தால் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. சிவப்புப் புள்ளியும் வராது, "REC" என்றும் வராது. 2021 பெப்ரவரியில் ஒருவர் கிளப்ஹவுஸ் அறைகளின் ஒலியை வேறொரு இணையத்தளத்துக்குத் திருப்பி ஒலிபரப்பியதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது.

இதற்கு அயல்நாட்டில் நடந்த ஒரு சம்பவம் நன்கு பொருந்தும். 2021 ஏப்ரல் 10ஆம் திகதி, மேற்கு வங்கத்தில் நான்காம் கட்ட வாக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தது. மம்தா பானர்ஜியின் தேர்தல் ஆலோசகரான பிரஷாந்த் கிஷோர் கிளப்ஹவுஸ் அறையொன்றில் ஊடகவியலாளர்களுடன் உரையாடியிருந்தார். அதில் எதிர்த்தரப்பின் செல்வாக்கைப் பற்றியும் மோடிக்கு இருக்கும் ஆதரவைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசினார். வாக்குப் பதிவு நடந்த அன்றே பாரதிய ஜனதாக் கட்சியின் அமித் மாளவியா அந்தப் பேச்சின் துண்டுகளை வெளியிட்டார். அறை எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதைப் பேசியவர்கள் பிந்தித்தான் உணர்ந்தார்கள் என்றும் அவர் எழுதினார். துண்டுகளை மட்டுமன்றி முழு உரையாடலையும் வெளியிடுங்கள் என்று கிஷோர் பதில் கூறினார்.

அந்தக் காலத்தில் கிளப்ஹவுஸில் பதிவு வசதியே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வெளியில் வந்தது கேட்டவர் எடுத்த பதிவு. முழுப் பேச்சு தம்மிடம் இல்லாதவர், வெட்டியெடுத்த துண்டுக்குப் பதில் சொல்வது எவ்வளவு சிரமம் என்பதும் இதில் தெரிகின்றது. கிஷோருக்குப் பத்திரிகைகள் இருந்தன. சாதாரண வியாபாரிக்கு அதுவும் இல்லை.

நமது மிளகு வியாபாரிக்கே திரும்புவோம். அறையில் ஒருவர், "நானா, உங்களிடம் எவ்வளவு சரக்கு இருக்கின்றது?" என்று கேட்கிறார். இவர் கையை உயர்த்தி மேடைக்கு வந்து, "600 கிலோ இருக்கின்றது, வெள்ளிக்கிழமைக்குள் காசு தேவைப்படுகின்றது" என்கிறார். கதிரையில் இருக்கும் நாற்பது பேரில் கொழும்பிலிருந்து கொள்வனவு செய்பவரும் இருக்கலாம். அடுத்த நாள் அவர் விலை பேசும்போது, இவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார் என்பது அவருக்குத் தெரியும். கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்துக் கேட்டாலே 30,000 ரூபாய் போய்விடும். இதற்குப் பதிவுகூடத் தேவையில்லை.

எனவே பொதுவான விடயங்களை, உதாரணமாக ஈரப்பதம் கூடிய மிளகை எப்படித் தரம் பிரிப்பது, லொறி வாடகை எப்படி இருக்கின்றது என்பவற்றை அறையில் கேட்கலாம், சொல்லலாம். சரக்கின் அளவு, காசு தேவைப்படும் நாள், கடன் கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தனி அழைப்பில் வைத்துக்கொள்வதே நமது கருத்து. அறையில் யாராவது விலைக்கு ஒப்புக்கொண்டால், அவருக்கு அன்றே எழுத்தில் செய்தி அனுப்பி, அளவையும் விலையையும் குறிப்பிட்டுப் பதில் பெறுங்கள். தலைவரின் பதிவை நம்பி இருந்தால், பிணக்கு வரும் நாளில் அது அவருடைய கணக்கில் இருக்கும், உங்களுடைய கணக்கில் அல்ல. அவர் அழித்திருந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அறையைத் திறப்பவர் நீங்களானால், பதிவு செய்வதாக இருந்தால் ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிந்தி வந்தவருக்காக இடையிலும் ஒரு தடவை சொல்லுங்கள். சிவப்புப் புள்ளியைக் கவனிக்காதவர்கள், தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கேட்பவர்கள் பலர் உண்டு.