மோதாத அணிகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரு தொடரில் சிவப்பு அணி நீல அணியுடன் ஆடிய 4 ஆட்டங்களில் 3-ஐ வென்றது. நீலம், பச்சை அணியுடன் ஆடிய 3-இல் 2-ஐ வென்றது. சிவப்பும் பச்சையும் மோதவே இல்லை. மோதினால் யார் வெல்வார்கள்?

1952-இல் பிராட்லியும் டெர்ரியும் முன்வைத்த மாதிரி ஒவ்வோர் அணிக்கும் ஒரு வலிமை எண் தருகிறது. ஓர் அணியின் வலிமையை இரு அணிகளின் வலிமைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அது வெல்லும் நிகழ்தகவு கிடைக்கும். விகிதம்தான் முக்கியம் என்பதால் பச்சைக்கு 1 என்று வைப்போம். அப்போது நீலத்துக்கு 2, சிவப்புக்கு 6. சிவப்பு பச்சையை வெல்லும் வாய்ப்பு 6/7, அதாவது சுமார் 86 சதவீதம். ஏழே ஆட்டங்களிலிருந்து வந்த எண் இது; அதிகம் நம்பக்கூடாது.

மூன்று அணிகளும் தங்களுக்குள் மோதியிருந்தால் விகிதங்கள் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தாது. அப்போது ஒவ்வோர் அணியின் எதிர்பார்ப்பு வெற்றிகள் உண்மையான வெற்றிகளுக்குச் சமமாகும்வரை கணினி எண்களைத் திருத்திக்கொண்டே போகும்.

தோற்காத அணிதான் பெரிய சிக்கல். சிவப்பு நீலத்தை 4-0 என்று வென்றிருந்தால் அதன் வலிமை முடிவிலியை நோக்கி ஓடும். திருத்தம் நிற்கவே நிற்காது. இரு பக்கமும் அரை வெற்றி சேர்ப்பது ஒரு வழி: 4.5-க்கு 0.5, அதாவது 9-க்கு 1.