இணைப்பைக் காணாத சான்றிதழ்

அறுவை சிகிச்சை நிபுணர் ஜெயந்த் படேல் 2003-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பதிவு கேட்டபோது, அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவ வாரியம் கொடுத்த சான்றிதழையும் வைத்திருந்தார். அவர் மீது ஓர் உத்தரவு உண்டு, இணைப்பைப் பார்க்கவும் என்று அதில் ஒரு குறிப்பு இருந்தது. இணைப்பைத்தான் காணோம்.

யாரும் கேட்கவில்லை, பதிவு கிடைத்துவிட்டது.

சிலவகை அறுவை சிகிச்சைகளைச் செய்ய அவருக்கு ஓரிகன் 2000-லேயே கட்டுப்பாடு விதித்திருந்தது. பண்டபெர்க் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நேர்ந்தவை 2005-ல் வெளியே வந்தபோதுதான் இதுவும் தெரியவந்தது. ஏமாற்றிப் பதிவு பெற்ற குற்றத்தை 2013-ல் அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

‘குட் ஸ்டாண்டிங்’ சான்றிதழ் திறமைக்குத் தரும் மதிப்பெண் அல்ல. இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர் மீது ஒழுங்கு நடவடிக்கையோ தொழில் செய்யத் தடையோ இல்லை என்று பதிவு கொடுத்த அமைப்பு சொல்வதுதான் அது. பட்டச் சான்றிதழ் படித்ததைச் சொல்லும்; படித்தபின் நடந்துகொண்டதைச் சொல்லாது. உள்ளூரில் தடை வாங்கியவர் விமானம் ஏறிப் புதிதாகத் தொடங்கிவிடக் கூடாது என்பதே வெளிநாட்டு அமைப்புகளின் கவலை.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், கடந்த 5 ஆண்டுகளில் ஒருவர் மருத்துவம் பார்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இதைக் கேட்கிறது. சான்றிதழ் 3 மாதம்தான் செல்லும். அதற்குப் பின் புகார் வந்திருக்கலாம் அல்லவா? அதனால் மற்ற ஆவணங்களெல்லாம் தயாரான பிறகு இதற்கு விண்ணப்பிப்பதே நல்லது.