மண்ணில் எவ்வளவு தண்ணீர், கலவையில் எவ்வளவு தண்ணீர்?

கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வீடு கட்டுகிறவர்கள், மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் தாங்குதிறன் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதைவிட நிறையச் சொல்லக்கூடியது நடுவில் கிடக்கும் குட்டி அட்டவணை. மாதிரிக்கு ஒன்று:

| சோதனை | அளவு |
|---|---|
| 75 மைக்ரான் சல்லடையில் இறங்கிய மண் | 84% |
| திரவ எல்லை | 62% |
| பிளாஸ்டிக் எல்லை | 27% |

பாதிக்கு மேல் சல்லடையில் இறங்கிவிட்டதால் இது நுண்மண். அடுத்த இரண்டும் ஈரத்தின் அளவுகள். குழைத்த மண்ணைப் பித்தளைக் கிண்ணத்தில் பரப்பி நடுவே கோடு கிழிப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் 1 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து விழுந்து எழும். 25 தட்டில் கோடு மூடிக்கொள்ளும் ஈரம்தான் திரவ எல்லை. மண்ணைக் கையால் திரியாக உருட்டும்போது 3 மி.மீ. கனத்தில் அது உதிரத் தொடங்கினால், அந்த ஈரம் பிளாஸ்டிக் எல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் 35. அதை ஆர்தர் காஸகிராண்டே வகுத்த கோட்டோடு ஒப்பிட வேண்டும்: 0.73 × (62 − 20) = 30.66. நம் மண் கோட்டுக்கு மேலே நிற்கிறது, ஆகவே களிமண். கீழே விழுந்திருந்தால் வண்டல். திரவ எல்லை 50-ஐத் தாண்டியதால் 'சி.எச்.' என்று எழுதுவார்கள். நீரை அதிகம் ஏற்கும் களி.

கோடையில் தோண்டினால் இந்த மண் கல்லாக இருக்கும், தாங்குதிறனும் நன்றாகவே வரும். அதை நம்பி ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால், மழையில் மண் உப்பித் தூக்கும், வெயிலில் சுருங்கி இறக்கும். ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் ஓடும். ஆழமான கரிசலில் அடி அகன்ற பைல்களைக் குறைந்தது 3.5 மீட்டர் இறக்கச் சொல்வது, பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் அடுக்கைத் தாண்டத்தான்.

அந்த அஸ்திவாரத்துக்கான கான்கிரீட்டிலும் தண்ணீர்தான் பேச்சு. உப்பு, சல்பேட் தொல்லை இல்லாத மண்ணில் புதையும் கம்பி கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம் 25. தண்ணீர், சிமெண்ட் எடையில் பாதிக்கு மேல் கூடாது. எம் 20 வரைதான் 'ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று' மாதிரியான வாய்க்கணக்கு செல்லும். எம் 25-க்கு ஆய்வுக்கூடக் கலவை வடிவமைப்பு வேண்டும்.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று வைப்போம். வடிவமைப்புப்படி மூட்டைக்கு 75 கிலோ மணல், அதன் மேல் 4% ஈரம் ஒட்டியிருக்கிறது என்றால் 3 லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஊற்ற வேண்டியது 22 தான்; அந்த 3 கிலோவுக்கு ஈடாக மணலையும் கூட்டிப் போட வேண்டும். மழை பெய்த மறுநாளும் அதே 25 லிட்டரை ஊற்றுவது சைட்டில் சர்வசாதாரணம். 300 மி.மீ. ஸ்லம்ப் கூம்பைத் தூக்கினால் கலவை முந்தைய நாளைவிட அதிகமாகச் சரிந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கமாக இருக்கிறதென்று மேஸ்திரி கேட்டால் தண்ணீர் வாளியை நீட்டாமல் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லலாம். அதன் அளவும் வடிவமைப்புத் தாளில் இருக்க வேண்டும்.