மின்கட்டணம்: சராசரிச் செலவா, மானியமா?

ஒரே தெருவில் 2 நிறுவனங்கள் கம்பம் நட்டால் செலவுதான் இரட்டிக்கும். அதனால்தான் மின்விநியோகம் பெரும்பாலும் ஒருவர் கையில் இருக்கிறது. போட்டியில்லாததால் தமிழ்நாட்டில் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பி, மின்மாற்றி, ஊழியர் என ஆண்டுக்கு நிலைச்செலவு 300 கோடி ரூபாய். கூடுதலாக ஒரு யூனிட் வழங்க ஆகும் செலவு 4 ரூபாய். கட்டணம் 7 ரூபாயானால் 100 கோடி யூனிட் விற்கிறது; சராசரிச் செலவும் சரியாக 7 ரூபாய். நட்டமில்லை.

கட்டணத்தை 4 ரூபாயாக்கினால் 120 கோடி யூனிட் விற்கும். நிலைச்செலவான 300 கோடியும் அப்படியே நட்டமாகும். அரசு மானியம் தர வேண்டும். ஆனால் சமூகத்துக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு? விலை குறையக் குறையத் தேவை சீராகக் கூடுவதாகக் கொண்டால், வெறும் 30 கோடிதான். வரியும் சும்மா வருவதில்லை. திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பொருளாதாரம் 10 காசுக்கு மேல் இழந்தால், சராசரிச் செலவுக் கட்டணமே மேல்.

அதற்காக ஏழைகளைக் கைவிட வேண்டியதில்லை. அவர்களுக்கு மட்டும் சலுகை தரலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி, அந்தத் தொகையை மாநில அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். அது தாமதமானால் விநியோக நிறுவனம் கடன் வாங்குகிறது; வட்டி அடுத்த கட்டணத்தில் ஏறுகிறது.