நாற்றத்தைத் தடுக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்

பிளம்பிங் ஐசோமெட்ரிக் படத்தில் செங்குத்துக் கோடு நின்ற குழாய்; 30 டிகிரி சாய்ந்த கோடு கிடைக்குழாய். வாஷ்பேசினுக்குக் கீழே ‘U’ போல வளைந்திருப்பது டிராப். அதில் தேங்கும் சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் விடாமல் அடைக்கிறது. விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு, கூரைக்கு மேலே திறந்திருக்கும் வென்ட் குழாய்.

பேசின் நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டால் குழாய் முழுக்க நிரம்பி ஓடும். ஓடும் நீர் பின்னால் வருவதையும் இழுக்கும். டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரும் போய்விடும். கடைசியில் ‘களக் களக்’ சத்தம், பிறகு நாற்றம். வென்ட் வழியே காற்று நுழைந்தால் அந்த இழுப்பு அறுந்துவிடும்.

வென்ட் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே சேர்கிறது என்று படத்தில் பாருங்கள். குழாய் 32 மி.மீ., சரிவு மீட்டருக்கு 20 மி.மீ. என்று வையுங்கள். டிராப்பிலிருந்து ஒன்றரை மீட்டரில் வென்ட் என்றால் இறக்கம் 30 மி.மீ.; சரி. இரண்டு மீட்டர் என்றால் 40. இறக்கம் குழாயின் விட்டத்தைத் தாண்டுவதால் வென்ட்டின் வாய் டிராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. சரிவைக் கூட்டினாலும் இதே கதிதான்.