ஆஃபர் கையில, இன்டர்வியூ பாக்கி: டைம் கேட்பது எப்படி?

ஆஃப் கேம்பஸ்ல ரெண்டு கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க. திங்கட்கிழமை முதல் கம்பெனியிலிருந்து ஆஃபர் வருது: "வெள்ளி மாலை 5 மணிக்குள் பதில் சொல்லவும்." உங்களுக்கு அதிகம் பிடிச்ச இரண்டாவது கம்பெனியில் ஃபைனல் ரவுண்டு அடுத்த செவ்வாய்தான். ரிசல்ட் வர வியாழன் ஆகும். இடையில் ஆறு நாள் இடிக்குது.

நம்மில் பலர் உடனே முதல் கம்பெனி ஹெச்ஆர்கிட்ட டைம் கேட்பாங்க. அதுக்கு முன்னாடி இரண்டாவது கம்பெனிக்கு எழுதுங்க: "எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு, வெள்ளிக்குள் பதில் சொல்லணும். உங்க வேலையில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஃபைனல் ரவுண்டை முன்னாடியே வைக்க முடியுமா?" ஆட்கள் கைநழுவிப் போவதை அவங்களும் விரும்ப மாட்டாங்க. வியாழக்கிழமைக்கு மாத்தி, திங்கள் மாலை ரிசல்ட் சொல்றோம்னு சொன்னாங்கன்னு வைங்க. ஆறு நாள் இப்போ மூணு நாளாச்சு.

இப்போ முதல் கம்பெனிக்கு எழுதலாம். புதன்கிழமையே எழுதிடுங்க. ஹெச்ஆர் தனியா முடிவெடுக்க முடியாது, மேனேஜரைக் கேட்கணும். வெள்ளி மதியம் கேட்டா, பதில் வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சிடும்.

மெயிலில் நாலு விஷயம் போதும். ஆஃபருக்கு நன்றி. வேறொரு தேர்வு திங்களன்று முடியுது என்ற உண்மையான காரணம் (அந்தக் கம்பெனி பேர் வேண்டாம்). "செவ்வாய் மாலை 5 மணி வரை அவகாசம் கிடைக்குமா?" என்று தேதியோடு கேள்வி. "சரின்னு சொன்னா பின்வாங்கக் கூடாது, அதனால்தான் கேட்கிறேன்" என்று ஒரு வரி. "கொஞ்சம் டைம் வேணும்"னு மொட்டையா எழுதினா, எத்தனை நாள்னு அவங்களுக்குப் புரியாது. பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு கதையும் வேண்டாம். ஃபோனில் சரின்னு சொன்னாலும், புதிய தேதியை மெயிலில் உறுதிப்படுத்திக்கோங்க. கேட்பது ஒரே தடவைதான். செவ்வாய்க்கிழமை மறுபடி நீட்டிக்கக் கேட்டா நம்பிக்கை போயிடும்.

முடியாதுன்னு சொல்லிட்டா? வெள்ளி 5 மணிக்கு உங்க கையில் இருப்பது ஒரு ஆஃபரும் ஒரு வாய்ப்பும்தான். இரண்டாவது கிடைக்கலைன்னா எத்தனை மாதம் வேலையில்லாம சமாளிக்க முடியும்னு வீட்டில் உட்கார்ந்து பேசிட்டு முடிவெடுங்க. முதல் ஆஃபரை ஏத்துக்கிட்டா, அன்னிக்கே இரண்டாவது கம்பெனிக்கு விலகுறதா எழுதிடுங்க. இங்கே சரின்னு சொல்லிட்டு அங்கே ரகசியமா இன்டர்வியூ போறதுதான் பின்னாடி சிக்கலாகும்.

கேம்பஸ் ஆஃபர்னா வழி வேற. ஹெச்ஆருக்கு நேரா எழுதாம, முதலில் பிளேஸ்மென்ட் ஆபீசரைப் பாருங்க. ஒரு ஆஃபர் வந்ததும் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடாத விதி பல கல்லூரிகளில் உண்டு. நீங்க கடைசி நேரத்தில் பின்வாங்கினா, அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி நம்ம ஜூனியர்ஸைப் பார்க்க வராமலே போகலாம்.