கணக்கு வைக்காத வாழ்த்து

பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த காலத்திலிருந்து என் பிறந்தநாளை மறக்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அவன் பிறந்தநாளுக்கு முதலில் நான் எழுதிப் பார்த்த வாழ்த்து இது: “பிறந்தநாள் வாழ்த்துகள் டா! அஞ்சு வருஷமா நீ என் பிறந்தநாளை மறந்தாலும், நான் மறக்கல பாரு.”

அனுப்பவில்லை. அவனுடைய நாளில் என்னைப் பற்றிய பேச்சு எதற்கு? ‘அஞ்சு வருஷம்’ என்று எண்ணிச் சொன்னதுமே அது கடன் நோட்டாகிவிடுகிறது. ‘இந்த வருஷமாவது’, ‘நான் மட்டும்தான்’ போன்ற சொற்களும் அப்படித்தான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவை வசூலுக்கு வந்து நிற்கும்.

செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுகூர்வது தனி வகை ஞாபகம் என்கிறது உளவியல். கண்ணெதிரே ஒரு தூண்டுதல் இருந்தால் அது எளிது. வெறும் நாளையும் நேரத்தையும் நம்பியிருந்தால் தவறிப்போகும். தேதியை மறப்பவன் ஆளை மறந்துவிட்டான் என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே கேலி அவனுடைய மறதியைத் தொடலாம், என் பிறந்தநாளைத் தொடக்கூடாது. அந்த மறதிக்குப் பக்கத்திலேயே, அவன் மறக்காத ஒன்றையும் வைக்க வேண்டும். திருத்தி எழுதினேன்:

“டேய் மாப்ள, இன்னைக்கு உன் பொறந்தநாள். உனக்கே ஞாபகம் இருக்காதுன்னுதான் சொல்றேன். கண்ணாடிய நெத்தில ஏத்திவிட்டுட்டு வீடு பூரா தேடுற ஆளாச்சே நீ! ஆனா அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்த அன்னைக்கு, அவருக்குச் சர்க்கரை போடாத காபிதான்னு யாரும் சொல்லாமலே பிளாஸ்க்ல கொண்டுவந்த. நல்லா இருடா. சாயங்காலம் கேசரியோட வர்றேன்.”

கேலி நடுவில் வருகிறது. வாழ்த்தும் கேசரியும் கடைசியில். வரிசை மாறினால் கேலிதான் மனத்தில் தங்கும். கண்ணாடி விஷயம் அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பது, அதனால் தொட்டேன். ஆனாலும் குடும்பக் குழுவில் போடவில்லை, அவனுக்கு மட்டும் அனுப்பினேன். நாலு பேர் முன்னால் அதே வரி அவனைச் சுருங்க வைத்துவிடும்.

எப்போதும் தேதி தவறாத ஒருவர் திடீரென்று மறக்கத் தொடங்கினால், இந்தக் கேலி கூடவே கூடாது. துக்கமோ உடல்நலக் குறைவோ இருக்கலாம். அங்கே நேரில் போய் விசாரிப்பதுதான் முறை.

வாழ்த்து சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது பதிலில் தெரியும். ‘சாரிடா, மன்னிச்சுக்கோ’ என்று வந்தால், கேலி குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறது என்று பொருள். உடனே போனில் பேசிச் சரிசெய்ய வேண்டும். என் நண்பன் பத்து நிமிடத்தில் பதில் போட்டான்: “கண்ணாடி கெடைச்சிருச்சு. கேசரில முந்திரி தூக்கலா போடச் சொல்லு.”